ஆறு வாரம் படுக்கை: இன்ஸ்டா பக்கத்தை என்ன செய்வது?

தேன்வீடு, மார்த்தாண்டம் | ஜனவரி 12, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். நான் தேன் விற்கிறேன். சொந்தமாகக் கூடு கிடையாது. பேச்சிப்பாறை, களியல் பக்கம் ரப்பர் தோட்டங்களில் கூடு வைக்கும் ஐந்து பேரிடம் வாங்கி, வடிகட்டி, பாட்டிலில் அடைத்துக் கூரியரில் அனுப்புகிறேன். இன்ஸ்டாகிராமில் 4,100 பேர் இருக்கிறார்கள். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப் பிசினஸில்தான் வரும்.

பிப்ரவரி 3-ம் தேதி எனக்குக் கர்ப்பப்பை எடுக்கும் ஆபரேஷன். ஆறு வாரத்துக்குக் கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். மகளுக்கு மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை. உதவிக்கு மைனி மட்டும்தான். அவளுக்குப் போட்டோ எடுக்கத் தெரியும், இன்ஸ்டா தெரியாது. இதில் கொடுமை என்னவென்றால் ரப்பர் தேன் வரும் நேரமும் இதுவேதான்.

முன்கூட்டியே போஸ்ட் தயார் செய்து தேதி போட்டு வைத்துவிட்டால் ஆறு வாரமும் கணக்கு உயிரோடு இருக்குமா? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

ஓய்வுபெற்றவன், கோட்டாறு | ஜனவரி 12, இரவு 10.15

ஆபரேஷன் நல்லபடியாக முடியட்டும் தங்கச்சி. கணக்கைப் பற்றிப் பயப்படவே வேண்டாம். தொடர்ந்து 2 வருடம் வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து வரவு செலவு இல்லாவிட்டால்தான் அதைச் செயல்படாத கணக்கு என்று வைப்பார்கள். ஆறு வாரம் ஒன்றுமே இல்லை. நடப்புக் கணக்கு என்றால் குறைந்தபட்ச இருப்பை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 31 வருடம் வங்கியில் குப்பை கொட்டியவன் சொல்கிறேன்.

தேன்வீடு, மார்த்தாண்டம் | ஜனவரி 12, இரவு 10.22

அண்ணாச்சி, நான் கேட்டது இன்ஸ்டாகிராம் கணக்கு. ஆனாலும் நன்றி, அந்தப் பயமும் இப்போது போனது.

ரீல்ஸ் தம்பி, தக்கலை | ஜனவரி 12, இரவு 11.05

அக்கா, ஒரு வாரம் போஸ்ட் இல்லையென்றால் பக்கம் செத்துவிடும். அப்புறம் எழுப்பவே முடியாது. அதே சமயம் தேதி போட்டு வைக்கிற போஸ்ட்டை இன்ஸ்டா அமுக்கிவிடும், கையால் போட்டால்தான் நிறையப் பேருக்குக் காட்டும். அதனால் தினமும் ஒரு ரீல்ஸ் மைனியை வைத்துப் போடச் சொல்லுங்கள், கூடவே ஒரு நாளைக்கு 150 ரூபாய்க்கு விளம்பரம் ஓட விடுங்கள். நீங்கள் படுத்திருந்தாலும் ஆர்டர் வந்துகொண்டே இருக்கும்.

வடசேரி டிசைனர் | ஜனவரி 13, காலை 7.30

பத்துப் பன்னிரண்டு கடைகளின் பக்கங்களை நான்தான் பார்க்கிறேன். அதில் மூன்று முறை இதே நிலைமை வந்திருக்கிறது.

தம்பி சொன்னதில் பாதி சரி. இடைவெளி விட்டால் திரும்பி வரும்போது பார்வை குறையும், அது உண்மை. ஆனால் பக்கம் சாகாது. தேதி போட்டு வைக்கும் வசதி இன்ஸ்டாவே தன் செயலிக்குள் கொடுத்திருப்பது, அதற்காக அமுக்குவதை நான் பார்த்ததில்லை. விளம்பரம் ஓட விடும் யோசனையை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள் அக்கா. ஏற்கெனவே ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் பிப்ரவரி 2-ம் தேதியே நிறுத்திவிடுங்கள். விளம்பரத்தைப் பார்த்து வாட்ஸ்அப்பில் விலை கேட்பவருக்கு யார் பதில் சொல்வது? பணமும் போகும், பதில் வராத கடை என்ற பெயரும் வரும்.

போஸ்ட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு கேள்வி. அந்த ஆறு வாரமும் ஆர்டர் எடுப்பீர்களா, மாட்டீர்களா? எதைப் போடுவது என்பதே அதைப் பொறுத்துத்தான்.

தேன்வீடு, மார்த்தாண்டம் | ஜனவரி 13, மதியம் 2.10

அப்படி யோசிக்கவில்லை. பதினைந்து நாள் ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரம் ஒன்று இருக்கிறது, அதை நிறுத்திவிடுகிறேன்.

முதல் மூன்று வாரம் முடியாது. ஆஸ்பத்திரி, வீடு என்று மைனிக்கே அலைச்சல். பிப்ரவரி 24-க்கு மேல் அவள் பாட்டிலில் அடைத்து ஒரு நாளைக்குப் பத்துப் பார்சல் போடுவாள். கூரியர் தம்பி வீட்டுக்கே வந்து எடுப்பார்.

வடசேரி டிசைனர் | ஜனவரி 13, இரவு 8.45

அப்படியானால் உங்கள் ஆறு வாரம் இரண்டு துண்டு. பிப்ரவரி 3 முதல் 23 வரை கடை மூடல். 24 முதல் மார்ச் 17 வரை பாதிக் கதவு திறப்பு. முதல் துண்டில் வரும் போஸ்ட் எதிலும் விலை, ஸ்டாக், ‘ஆர்டருக்கு மெசேஜ் செய்யவும்’ எதுவும் இருக்கக் கூடாது. இதைக் கலந்து போட்டுத்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள். போஸ்ட் தானாகப் போகிறது, பதில் தானாகப் போவதில்லை.

உங்களுடையது பிசினஸ் கணக்கு, ஆகவே இன்ஸ்டா செயலிக்குள்ளேயே 75 நாள் முன்னால் வரை தேதி போடலாம். இன்று உட்கார்ந்தால் மார்ச் கடைசி வாரம் வரை எட்டும், உங்களுக்கு அது போதும். இலவச வெளிச் செயலிகளும் இருக்கின்றன. Buffer இலவசத் திட்டத்தில் ஒரு கணக்குக்கு ஒரே நேரத்தில் 10 போஸ்ட்தான் வரிசையில் வைக்க முடியும். அதைவிட, நடுவில் யாராவது பாஸ்வேர்டை மாற்றினால் வெளிச் செயலியின் இணைப்பு அறுந்து போஸ்ட் எல்லாம் நின்றுவிடும். ஒரு நகைக்கடையில் அப்படி ஆனது. முதலாளி கட்டிலில், மகன் பாதுகாப்புக்கு என்று பாஸ்வேர்டை மாற்றிவிட்டான், ஒன்பது நாள் கழித்துத்தான் எதுவும் வெளியே போகவில்லை என்று கண்டுபிடித்தார்கள். அதனால் செயலிக்குள்ளேயே செய்யுங்கள். போஸ்ட்டைத் தயார் செய்யும் கடைசிப் பக்கத்தில் Schedule this post என்று இருக்கும். போட்டு வைத்தவை Scheduled content என்ற இடத்தில் கிடக்கும், அங்கே போய்த் தேதி மாற்றலாம், நீக்கலாம்.

தினமும் வேண்டாம். வாரத்துக்கு இரண்டு, ஆறு வாரத்துக்கு பன்னிரண்டு. கையில் கூடுதலாக இரண்டு.

எதைப் போடுவது? வாடிக்கையாளர்கள் உங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்பதைப் போடுங்கள்.

தேன்வீடு, மார்த்தாண்டம் | ஜனவரி 13, இரவு 9.20

கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “தேன் உறைந்துவிட்டது, சீனி கலந்தீர்களா?” ரப்பர் தேன் சீக்கிரம் உறையும், அதுதான் அதன் குணம். இதை விளக்கி விளக்கியே நாக்கு தேய்ந்துவிட்டது.

வடசேரி டிசைனர் | ஜனவரி 13, இரவு 9.50

அதுதான் முதல் போஸ்ட். உறைந்த பாட்டிலை இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்து இளக்குவதை வீடியோ எடுங்கள், அடுப்பில் நேரடியாக வைக்க வேண்டாம் என்பதையும் காட்டுங்கள். அடுத்து, ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை, இலை உதிர்ந்து புதுத் தளிர் விடும்போது இலைக்காம்பின் நுனியில் கசியும் இனிப்பைத் தேனீ எடுக்கிறது என்பது. இது இந்தப் பக்கத்துக்காரர்களில் பாதிப் பேருக்கே தெரியாது. தேன் எடுக்கும் சுற்று இயந்திரம், மெழுகு, கூட்டுப் பெட்டி என்று இன்னும் ஆறேழு கிடைக்கும். இவற்றில் எதுவும் தேதிக்குக் கட்டுப்பட்டதில்லை. முக்கியமாக, கேப்ஷனுக்குள்ளேயே பதில் முழுதாக இருக்கட்டும். பார்க்கிறவர் கீழே வந்து கேள்வி கேட்கத் தேவையில்லாமல் இருக்க வேண்டும்.

மணக்குடி வீடு | ஜனவரி 14, காலை 10.05

என் கதையைச் சொல்கிறேன். 2017-ல் கன்னியாகுமரியில் தங்கும் அறைகள் வாடகைக்கு விட்டிருந்தேன். கால் முறிந்து படுக்கை. நண்பன் ஒருவன் பேஸ்புக் பக்கத்தில் ஒரு மாதத்துக்குப் போஸ்ட் வரிசையாகப் போட்டு வைத்தான். நவம்பர் 30. ஒக்கி. காற்று அடித்து மரமெல்லாம் சாய்ந்து கரண்ட் போய்விட்டது, டவரும் இல்லை. அன்று சாயங்காலம் என் பக்கத்தில் தானாக வந்தது: ‘கடல் காற்று வாங்க வாருங்கள்’. தூத்தூர், வள்ளவிளை பக்கம் போனவர்கள் திரும்பி வரவில்லை என்று ஊரே அழுதுகொண்டிருக்கிறது, என் பக்கத்தில் அலையைப் பார்த்துச் சிரிக்கும் குடும்பம். எனக்கே தெரியாது. நான்கு நாள் கழித்துத் திருநெல்வேலியில் இருக்கும் மச்சினன்தான் போன் செய்து சொன்னான். அதற்குள் கீழே என்னென்னவோ எழுதிவிட்டார்கள். அதில் ஒருவர் குளச்சல்காரர், தன் அண்ணனைத் தேடிக்கொண்டிருந்தவர். அவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

அதற்கப்புறம் நான் எதையும் தேதி போட்டு வைப்பதில்லை.

வடசேரி டிசைனர் | ஜனவரி 14, காலை 11.30

அண்ணே, உங்கள் முடிவை நான் மறுக்கவில்லை. ஆனால் அக்காவுக்கு இதில் ஒரு வழி இருக்கிறது. நிறுத்துகிற அதிகாரம் இந்த மாவட்டத்துக்கு வெளியே ஒருவரிடம் இருக்க வேண்டும். மஸ்கட்டில் இருக்கும் அண்ணனின் போனில் அதே இன்ஸ்டா கணக்கை இப்போதே லாகின் செய்து வையுங்கள். இப்போதே என்று சொல்வதற்குக் காரணம், லாகின் செய்யும்போது வரும் ஓடிபி உங்கள் போனுக்குத்தான் வரும். நீங்கள் தியேட்டருக்குள் இருக்கும்போது அவர் முயன்றால் ஒன்றும் நடக்காது. இங்கே புயலோ கலவரமோ பெரிய சாவோ என்றால் அவர் Scheduled content-இல் போய் எல்லாவற்றையும் ஒரு வாரம் தள்ளிவிடலாம்.

ஓய்வுபெற்றவன், கோட்டாறு | ஜனவரி 14, பகல் 12.15

ஓடிபி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அந்த நம்பரின் ரீசார்ஜ் எந்தத் தேதியில் முடிகிறது என்று பாருங்கள். என் மனைவி படுத்திருந்தபோது அவள் போன் ரீசார்ஜை நான் மறந்துவிட்டேன், மெசேஜ் வருவது நின்றுபோய் எல்லாமே முடங்கியது. இதில் மட்டும் எனக்கு விஷயம் தெரியும்.

வடசேரி டிசைனர் | ஜனவரி 14, பகல் 12.40

அண்ணாச்சி சொன்னது எனக்கே தோன்றவில்லை. மூன்று மாத ரீசார்ஜ் ஒன்றாகப் போட்டுவிடுங்கள் அக்கா.

வாட்ஸ்அப் பாக்கி இருக்கிறது. அதில் Away message என்று ஒன்று உண்டு. ஆன் செய்தால், யார் எழுதினாலும் நீங்கள் எழுதி வைத்த பதில் தானாகப் போகும். Custom schedule-இல் தொடக்கம் பிப்ரவரி 3, முடிவு பிப்ரவரி 23 என்று கொடுங்கள். யாருக்குப் போக வேண்டும் என்றும் கேட்கும், சொந்தக்காரர்களை விட்டுவிடலாம். ஆனால் இதில் பலருக்குத் தெரியாத ஒரு குறை இருக்கிறது: போன் இணையத்தில் இருந்தால்தான் அந்தப் பதில் போகும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அணைத்து வைத்தால் ஒருவருக்கும் எதுவும் போகாது.

அதனால் கடை போனை வீட்டில் சார்ஜரில் போட்டு வைஃபையில் விட்டுவிட்டு, நீங்கள் வேறு ஒரு சாதாரண போனை எடுத்துப் போங்கள். கடை வாட்ஸ்அப்பை மைனியின் போனிலோ மகளின் லேப்டாப்பிலோ இணைத்துவிட்டால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மூல போனை 14 நாளுக்கு ஒருமுறையாவது திறக்க வேண்டும், இல்லாவிட்டால் இணைத்தவை எல்லாம் தானாக வெளியேறிவிடும். வீட்டிலேயே இருந்தால் அந்தத் தொல்லையும் இல்லை.

ரீல்ஸ் தம்பி, தக்கலை | ஜனவரி 14, மாலை 6.50

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸையும் தேதி போட்டு வைக்கலாம் அக்கா.

வடசேரி டிசைனர் | ஜனவரி 14, இரவு 7.15

முடியாது தம்பி. அந்தச் செயலிக்குள் அப்படி வசதி இல்லை, ஸ்டேட்டஸை கையால்தான் போட வேண்டும். ஆறேழு படத்தை மைனி போனில் ஒரு ஃபோல்டரில் போட்டுக் கொடுத்தால், காபி போடும்போது ஒன்றைப் போட்டுவிடுவார். இருபத்து நாலு மணி நேரத்தில் அது தானாக மறைந்துவிடும், ஆகவே தப்பாகப் போட்டாலும் பெரிய கேடு இல்லை.

தேன்வீடு, மார்த்தாண்டம் | ஜனவரி 15, காலை 6.30

ஒரு சந்தேகம். அந்த Away message-இல் என்ன எழுதுவது? உடம்பு சரியில்லை என்று சொல்ல வேண்டுமா?

ரீல்ஸ் தம்பி, தக்கலை | ஜனவரி 15, காலை 8.00

சொல்லவே கூடாது. மற்ற தேன் வியாபாரிகள் உங்கள் ஆட்களைப் பிடித்துக்கொள்வார்கள்.

மணக்குடி வீடு | ஜனவரி 15, காலை 8.40

நான் கால் முறிந்ததைச் சொன்னேன். இரண்டு பழைய விருந்தினர்கள் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள். சொன்னதில் எனக்கு நஷ்டம் இல்லை.

வடசேரி டிசைனர் | ஜனவரி 15, காலை 9.10

கால் முறிவும் இதுவும் ஒன்றில்லை அண்ணே. பெண்களிடம் ‘என்ன ஆபரேஷன்’ என்று அடுத்த கேள்வி வரும். நான் என்றால் காரணம் சொல்ல மாட்டேன், தேதி மட்டும் சொல்வேன்: ‘பிப்ரவரி 23 வரை ஆர்டர் எடுக்கவில்லை. 24-ம் தேதி காலையிலிருந்து எழுதுங்கள், வரிசைப்படி அனுப்புகிறோம்.’ இதையே ஒரு படமாகச் செய்து இன்ஸ்டா பக்கத்தின் உச்சியில் பின் செய்துவிடுங்கள். சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம்.

தேன்வீடு, மார்த்தாண்டம் | பிப்ரவரி 2, இரவு 8.00

பன்னிரண்டும் போட்டாகிவிட்டது. ஞாயிறு சாயங்காலமும் புதன் காலையும். வீட்டுக்காரர் போனில் லாகின் ஆகிவிட்டது, அவர் ஒருமுறை தள்ளிப் பார்த்து மறுபடி பழைய தேதியில் வைத்தார். ரீசார்ஜ் ஏப்ரல் வரை. நாளைக்கு அட்மிட். எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள்.

தேன்வீடு, மார்த்தாண்டம் | பிப்ரவரி 8, இரவு 9.30

நான் மகள் எழுதுகிறேன். அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார்கள், நன்றாக இருக்கிறார்கள். போஸ்ட் எல்லாம் சரியாக வந்தது. ஆனால் வாட்ஸ்அப்பில் 40 பேருக்குப் பதிலே போகவில்லை. 5-ம் தேதி கரண்ட் போய் ரௌட்டர் அணைந்திருக்கிறது, கரண்ட் வந்த பிறகு அதை யாரும் ஆன் செய்யவில்லை. இரண்டு நாள் அப்படியே கிடந்திருக்கிறது. இப்போது போனில் டேட்டாவையும் ஆன் செய்துவிட்டேன். Away message-ஐயும் எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன், இப்போது போகிறது. அந்த 40 பேருக்கும் நானே ஒரே பதிலை அனுப்பிவிட்டேன். எனக்கு நாளைக்கு ரிவிஷன் டெஸ்ட், வருகிறேன்.

தேன்வீடு, மார்த்தாண்டம் | மார்ச் 19, மாலை 5.45

மறுபடியும் நானே. நேற்று முதல் மெதுவாக உட்கார்ந்து வேலை பார்க்கிறேன்.

மைனி மூன்று வாரத்தில் 130 பார்சல் அனுப்பியிருக்கிறாள். அடுத்த வருடம் கடையை அவளிடமே கொடுத்துவிடலாம் போலிருக்கிறது.

நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு போஸ்ட்டில் பழக்கதோஷத்தில் ‘நேற்று களியலில் எடுத்த தேன்’ என்று எழுதியிருந்தேன். ஜனவரியில் எடுத்த வீடியோ. அது வந்த வாரம் மழை. களியலிலேயே இருக்கும் வாடிக்கையாளர் ஒருவர், “இங்கே நாலு நாளாக மழை, நேற்று யார் தேன் எடுத்தது?” என்று கீழே கேட்டுவிட்டார். சீனி கலக்கவில்லை என்று நிரூபிக்கத்தான் இவ்வளவு பாடு, அங்கே போய்ப் பொய்க்காரி ஆகிவிட்டேன். வீட்டுக்காரர் பார்த்து அந்தப் போஸ்ட்டை நீக்கிவிட்டார். நீக்கியது சரியா, பதில் சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்னும் தெரியவில்லை.

இன்னொன்று. முன்னால் ஒரு போஸ்ட்டுக்கு 900 பேர் பார்ப்பார்கள், இப்போது 400-ஐத் தாண்டவில்லை.

ரீல்ஸ் தம்பி, தக்கலை | மார்ச் 19, மாலை 6.10

நான் அன்றே சொன்னேன்.

வடசேரி டிசைனர் | மார்ச் 19, இரவு 7.00

தேதி போட்டதால் என்று சொல்ல முடியாது தம்பி. விளம்பரம் நின்றது, ஸ்டோரி இல்லை, கீழே கேட்டவர்களுக்கு ஆறு வாரம் யாரும் பதில் சொல்லவில்லை. இதில் எது எவ்வளவு குறைத்தது என்று எனக்கும் பிரிக்கத் தெரியாது. ‘நேற்று’, ‘இன்று’, ‘இந்த வாரம்’ பற்றி நான் முதலிலேயே எச்சரித்திருக்க வேண்டும், அது என் தப்பு. நீக்கியதைவிட, ‘ஜனவரியில் எடுத்த வீடியோ, வார்த்தை தவறிவிட்டது’ என்று அவருக்கு இப்போதாவது ஒரு வரி எழுதுங்கள்.

ஓய்வுபெற்றவன், கோட்டாறு | மார்ச் 19, இரவு 8.25

தங்கச்சி, குணமாகி வந்தது சந்தோஷம். அரைக் கிலோ பாட்டில் இரண்டு வேண்டும் என்று சாயங்காலம் வாட்ஸ்அப்பில் எழுதினேன். ‘பிப்ரவரி 23 வரை ஆர்டர் எடுக்கவில்லை’ என்று பதில் வருகிறதே? அடுத்த வருடம் பிப்ரவரியா?

தேன்வீடு, மார்த்தாண்டம் | மார்ச் 19, இரவு 8.40

ஐயோ அண்ணாச்சி. மகள் மறுபடி வைத்தபோது Always send என்று வைத்துவிட்டாள் போல. 24-க்குப் பிறகு மைனி எல்லாருக்கும் உடனே பதில் போட்டதால் யாரும் சொல்லவில்லை. இப்போதுதான் அணைத்தேன். இரண்டு பாட்டிலும் நாளைக்கே கோட்டாறுக்கு வரும், முகவரியை அங்கேயே அனுப்புங்கள்.